வாடகைக்கு இருப்பவரிடம் தோட்டத்துக்குத் தண்ணீர் விடச் சொல்வது எப்படி: வீட்டு உரிமையாளருக்கான முழு வழிகாட்டி

கோயம்புத்தூர் வடவள்ளியில் எங்களுக்கு ஒரு தனி வீடு இருக்கிறது. நான் இப்போது ஈரோட்டில் மகளோடு இருக்கிறேன். வீட்டை ஓர் இளம் தம்பதிக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். குடிவந்த நாளில் வாசலில் நின்று, "செடிகொடியை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கோங்க தம்பி, காம்பவுண்டையும் சுத்தமா வச்சுக்கோங்க" என்றேன். "கண்டிப்பா பார்த்துக்கறோங்கம்மா" என்றார் அவர். அக்ரிமென்டிலும் அதே அளவில் ஒரு வரி இருந்தது. ஏழு மாதம் கழித்து மார்ச் கடைசியில் போய்ப் பார்த்தபோது, மல்லிகைப் பந்தலில் பச்சை என்று சொல்ல நாலு கொடிதான் மிச்சம். பின்பக்கத் தென்னையின் அடியில் மூன்று மட்டைகள் விழுந்த இடத்திலேயே கிடந்தன. ஒரு மட்டையின் வளைவில் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு நெளிந்தது.

அன்றைக்கு கோபத்தில் பேசியிருந்தால் காரியம் கெட்டிருக்கும். பேசாமல் வந்திருந்தால் பந்தல் போயிருக்கும். நான் எப்படிக் கேட்டேன், எதில் தப்பு செய்தேன், அதற்குள் எவ்வளவு சட்டம் இருக்கிறது என்பதை ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

படி 1: உண்மையில் என்ன ஒத்துக்கொள்ளப்பட்டது என்று பாருங்கள்

அக்ரிமென்டை எடுத்து அந்த வரியை அப்படியே படியுங்கள். என்னுடையதில் "தோட்டத்தையும் சுற்றுப்புறத்தையும் நல்ல முறையில் பராமரிக்க வேண்டும்" என்று மட்டும்தான் இருந்தது. நல்ல முறை என்றால் எனக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் தண்ணீர், வாரம் ஒரு முறை பெருக்குதல். அடுக்குமாடியில் வளர்ந்த பிள்ளைகளுக்கு, ஞாபகம் வரும்போது ஒரு பக்கெட் ஊற்றுவது. இரண்டு பேரும் அந்த வரியை மீறவில்லை என்றே நினைத்துக்கொண்டிருப்போம்.

எழுதியே வைக்கவில்லை என்றாலும் உங்கள் பக்கம் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, எந்த வேலை உரிமையாளருடையது, எது வாடகைதாரருடையது என்று பிரித்துச் சொல்கிறது. கட்டட அமைப்பின் ரிப்பேர், வெள்ளையடிப்பது, தண்ணீர் போகும் பைப்புகளை மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பங்கு. குழாயின் வாஷர் மாற்றுவது, சாக்கடை அடைப்பு எடுப்பது போன்ற சின்னச் சின்ன வேலைகள் வாடகைதாரர் பங்கு. அந்தப் பட்டியலிலேயே, வாடகைக்கு விடப்பட்ட அல்லது அவர் பயன்படுத்துகிற தோட்டத்தையும் திறந்தவெளியையும் பராமரிப்பதும் வருகிறது.

இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் பேச்சிலேயே எடுத்து வைக்காதீர்கள். சட்டத்தைச் சொல்லி ஆரம்பித்த உரையாடல் செடியைப் பற்றியதாக இருக்காது.

படி 2: கேட்பதற்கு முன் தோட்டத்தை ஒழுங்காகப் பாருங்கள்

வாடிய செடி எல்லாமே தண்ணீர் விடாததால் வாடியது இல்லை. தவறான குற்றச்சாட்டோடு ஆரம்பித்தால், சரியான குற்றச்சாட்டையும் அவர் நம்ப மாட்டார்.

மண்ணில் விரலை இரண்டு அங்குலம் விடுங்கள். அங்கேயும் பொடியாக உதிர்ந்தால் பல நாளாகத் தண்ணீர் இல்லை. உள்ளே ஈரமாக இருந்து இலை மட்டும் மஞ்சளாக இருந்தால் அது அதிகத் தண்ணீர், அல்லது தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறது. எங்கள் வீட்டுத் தொட்டிகள் பதினாலில் மூன்று அப்படித்தான் இருந்தன. வாசலுக்குப் பக்கத்தில் இருந்ததால் அந்த மூன்றுக்கு மட்டும் தினமும் ஊற்றியிருக்கிறார்கள், பாவம். செம்பருத்தி நுனியில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒட்டியிருந்தால் அது மாவுப்பூச்சி. அதற்கும் தண்ணீருக்கும் நேரடிச் சம்பந்தம் இல்லை.

தென்னையில்தான் நிறையப் பேர் ஏமாறுவது. குரும்பை கொட்டுகிறது, காய் குறைந்துவிட்டது என்று இப்போது இருப்பவர் மேல் பழி போடுவார்கள். தென்னை பட்ட வறட்சி காயில் தெரிய ஒரு வருஷம்கூட ஆகும், அதன் பாதிப்பு அடுத்த வருஷமும் தொடரும். அதனால் இன்றைய காய் எண்ணிக்கையை வைத்து ஏழு மாதமாக இருப்பவரைக் குறை சொல்ல முடியாது. அடிமட்டைகள் வரிசையாகத் தொங்கிக் காய்வதும், மரத்தைச் சுற்றியுள்ள பாத்தி மண் வெடித்துக் கிடப்பதும்தான் இப்போதைய தாகத்தைச் சொல்லும்.

பார்த்ததை எல்லாம் தேதியோடு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். குடிவந்தபோது எடுத்த போட்டோ இருந்தால் அதே கோணத்தில் எடுப்பது நல்லது. நான் குடிவந்தபோது எடுக்கவில்லை. அது என் தப்பு.

வீட்டைப் பார்க்கப் போகும்போது சொல்லாமல் போய் நிற்க வேண்டாம். உள்ளே நுழைவதற்கு 24 மணி நேரம் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கேட்டுக்கு உள்ளே இருக்கும் தோட்டமும் இப்போது அவர்கள் வாழும் இடம். காலையில் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது நீங்கள் பின்பக்கம் மட்டையை எண்ணிக்கொண்டு நிற்பது நன்றாக இருக்காது.

படி 3: ஏன் நின்றது என்று கேளுங்கள்

என் அனுபவத்தில் முக்கியமான படி இதுதான். "ஏன் தண்ணி விடலை?" என்று கேட்டால் பதிலாக மன்னிப்போ சாக்கோதான் வரும். "தண்ணி விடறதுல என்ன சிரமம் தம்பி?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு மூன்று காரணம் சொன்னார்.

"பின்னாடி குழாய் திருகினா சுத்திக்கிட்டே இருக்குதுங்கம்மா, தண்ணி வர்றதில்லை. முன்னாடி குழாய்ல ஹோஸ் மாட்டினா தென்னை வரைக்கும் எட்டலை. பக்கெட்டுல தூக்கித்தான் ஊத்தணும்."

அப்புறம் அவர் மனைவி சொன்னது: "ரெண்டு பேரும் எட்டு மணிக்குக் கிளம்பினா இருட்டினப்புறம்தான் வர்றோங்க. இருட்டுல பின்பக்கம் போகப் பயமா இருக்குங்க."

மூன்றாவது கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தது. "கரண்ட் பில்லு ஏறிடுச்சுங்க. போர் மோட்டார் எங்க மீட்டர்லதான் ஓடுது."

இந்த மூன்றில் எதுவும் சோம்பேறித்தனம் இல்லை. மூன்றுக்கும் தீர்வு உண்டு, அதில் இரண்டு என் கையில் இருந்தது. குழாய் மாற்றுவது அட்டவணைப்படி அவர் வேலைதான். ஆனால் பின்பக்கக் குழாய்க்குப் போகும் பைப்பே துருப்பிடித்துப் போயிருந்தது, அது என் வேலை. பிளம்பர் வந்தபோதே குழாயையும் சேர்த்து மாற்றச் சொல்லிவிட்டேன். ஒரு குழாய்க்காக யார் பங்கு என்று அளந்துகொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

படி 4: வேலையையும் செலவையும் அளந்து காட்டுங்கள்

ஒரு 15 லிட்டர் பக்கெட்டை ஹோஸ் பைப்புக்கு அடியில் வைத்து எவ்வளவு நேரத்தில் நிறைகிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் சரியாக ஒரு நிமிஷம். அதாவது நிமிஷத்துக்கு 15 லிட்டர். இனி எல்லாவற்றையும் நிமிஷத்தில் சொல்லலாம். லிட்டரில் சொன்னால் யார் மனதிலும் நிற்காது.

வளர்ந்த தென்னைக்குக் கோடையில், அதாவது பிப்ரவரியிலிருந்து மே வரை, நாளுக்கு 50 லிட்டர் கணக்கில் கிடைத்தால் வீட்டு மரத்துக்குப் போதும். ஒன்றுவிட்டு ஒரு நாள் என்றால் மரத்துக்கு 100 லிட்டர், ஹோஸ் கணக்கில் ஏழு நிமிஷம். இரண்டு மரத்துக்குப் பதினாலு நிமிஷம். பக்கத்தில் நிற்கத் தேவையில்லை, பாத்தியில் ஹோஸைப் போட்டுவிட்டு போனில் அலாரம் வைத்தால் போதும். மரத்தைச் சுற்றி ஆறடி தூரத்துக்கு வட்டப் பாத்தி வெட்டி, காய்ந்த மட்டையையும் சருகையும் உள்ளே பரப்பிவிட்டால் ஈரம் நிற்கும். தண்ணீரும் காம்பவுண்ட் முழுக்க ஓடிச் சேறாகாது. பாத்தி வெட்டுவதை வாடகைக்கு இருப்பவரிடம் கேட்காதீர்கள். ஆள் வைத்து ஒரு தடவை வெட்டிக் கொடுத்துவிடுங்கள்.

மல்லிகை, கறிவேப்பிலை, செம்பருத்தி, தொட்டிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆறு நிமிஷம், அதாவது 90 லிட்டர். பெரிய மாமரத்துக்கு நான் எதுவும் கேட்கவில்லை, அது தன் வேரில் பிழைத்துக்கொள்ளும். மொத்தம் இருபது நிமிஷம், அதில் அவர் நிற்க வேண்டியது ஆறு நிமிஷம்தான். "இவ்வளவுதானுங்களா!" என்று அவரே கேட்டார். அதுவரை தோட்டம் என்றால் அவர் மனதில் முடிவே இல்லாத ஒரு வேலையாக இருந்திருக்கிறது.

கரண்ட் கணக்கையும் உட்கார்ந்து போட்டோம். ஒரு நாள் தோட்டத்துக்கு 290 லிட்டர், 300 என்றே வைப்போம். எங்கள் மோட்டார் 1,000 லிட்டர் டேங்கை நாற்பது நிமிஷத்தில் நிரப்பும். அப்படியானால் தோட்டத்துக்காக மோட்டார் ஓடுவது பன்னிரண்டு நிமிஷம். ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் எடுக்கும். பன்னிரண்டு நிமிஷத்துக்கு 0.2 யூனிட். இரண்டு மாத பில்லில் முப்பது தடவை என்று வைத்தால் 6 யூனிட். பில் எந்த ஸ்லாபில் விழுந்தாலும் பெரும்பாலும் இது நூறு ரூபாயைத் தொடாது. பில் ஏறியதற்குக் காரணம் டேங்க் நிரம்பி வழிவதுதான் என்று அப்போதுதான் புரிந்தது. சாயங்காலம் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். டேங்க் நிறைந்தால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் சென்சார் ஒன்றை எலக்ட்ரீஷியனை வைத்து மாட்டினேன். கோடை மாதங்களுக்கு மோட்டார் செலவாக வாடகையில் மாதம் 100 ரூபாய் கழித்துக்கொள்ளச் சொன்னேன். கணக்குப்படி அது அதிகம்தான். ஆனாலும் உங்கள் மரத்துக்காக அவர் கைக்காசு போகிறது என்ற நினைப்பு இருக்கும் வரை அந்த ஹோஸ் பைப்பை அவர் மனதார எடுக்க மாட்டார்.

போர் ஆழமாகவும் தண்ணீர் குறைவாகவும் உள்ள வீட்டில் இந்தக் கணக்கு மாறும். உங்கள் டேங்க் நிறையும் நேரத்தை நீங்களே பார்த்துப் போடுங்கள். கோடையில் போரே வற்றிவிட்டால், லாரித் தண்ணீர் வாங்கித் தோட்டத்துக்கு விடச் சொல்ல உங்களுக்கு நியாயம் இல்லை. அப்போது எதைக் காப்பாற்ற வேண்டும், எதை விட்டுவிடலாம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

படி 5: பேசியதை அன்றைக்கே எழுத்தில் அனுப்புங்கள்

நேரில் பேசிய சூட்டோடு ஒரு வாட்ஸ்அப் செய்தி போதும். மிரட்டலாகவும் இருக்கக் கூடாது, குழைவாகவும் இருக்கக் கூடாது. நான் அனுப்பியது இது:

"தம்பி, இன்று பேசியதை ஞாபகத்துக்காக எழுதுகிறேன். மே கடைசி வரை செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு காலையில் தண்ணீர். தென்னை இரண்டுக்கும் ஏழேழு நிமிஷம், மற்ற செடிகளுக்கு ஆறு நிமிஷம். மழை பெய்த அன்று வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காம்பவுண்ட் பெருக்கி, விழுந்த மட்டைகளைப் பின்சுவர் ஓரம் அடுக்கிவிடுங்கள். தொட்டித் தட்டுகளிலும் சிரட்டைகளிலும் தண்ணீர் நின்றால் கவிழ்த்துவிடுங்கள். பின்பக்கப் பைப், லைட், புது ஹோஸ் இந்த வாரத்துக்குள் நான் செய்து தருகிறேன். மரம் ஏறுவது, மல்லிகைக் கவாத்து, பூச்சி மருந்து என் பொறுப்பு. மோட்டார் செலவுக்கு மாதம் 100 ரூபாய் வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள். இதில் ஏதாவது முடியாது என்றால் இப்போதே சொல்லுங்கள், மாற்றிக்கொள்ளலாம்."

ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று பேசியதை ஏன் கிழமையாக மாற்றினேன் என்றால், கிழமை ஞாபகம் இருக்கும். "நேற்று விட்டோமா, முந்தாநாளா?" என்ற குழப்பம் வராது. காலையில் கேட்டதற்குக் காரணம் வெயில் ஏறுமுன் மண் குடித்துவிடும், அவர்களும் இருட்டில் பின்பக்கம் போக வேண்டாம்.

உரிமையாளர் பங்கைச் செய்தியிலேயே சொல்லியிருப்பதைக் கவனியுங்கள். தேங்காய் பறிக்க ஆள் ஏற்றுவது, காய்ந்த மட்டையும் பன்னாடையும் இறக்குவது எல்லாம் வாடகைதாரரிடம் விடக்கூடிய வேலை இல்லை. முற்றிய காய் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மல்லிகையை நவம்பர் கடைசியில் கவாத்து செய்வதும் கை தெரிந்தவர் செய்ய வேண்டியது. அப்புறம், கறிவேப்பிலையும் பூவும் அவர்கள் பறித்துக்கொள்ளட்டும். பறித்த தேங்காயில் பாதியை நான் அவர்களுக்கே கொடுத்துவிடுகிறேன். காய் எல்லாம் எனக்கு, தண்ணீர் மட்டும் நீங்கள் விடுங்கள் என்றால் யார் விடுவார்கள்?

கொசு விஷயத்தை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும், முட்டை கொசுவாக ஏழிலிருந்து பத்து நாள். அதனால்தான் வாரம் ஒரு தடவை கவிழ்ப்பது என்ற கணக்கு. செடிக்குத் தண்ணீர் ஒரு வாரம் தவறினால் பார்த்துக்கொள்ளலாம், இது தவறக் கூடாது என்று தனியாகச் சொன்னேன். அவர்கள் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

படி 6: மூன்று வாரம் கழித்துப் பாருங்கள்

தினமும் போட்டோ கேட்காதீர்கள். முதல் மாதம் ஞாயிற்றுக்கிழமை ஒரு போட்டோ அனுப்பச் சொல்லலாம், அதற்கு மேல் கேட்டால் கண்காணிப்பு மாதிரி ஆகிவிடும். மல்லிகையில் மூன்று வாரத்துக்குள் கணுவில் துளிர் தெரியும். தென்னையில் அவ்வளவு சீக்கிரம் ஒன்றும் தெரியாது, பாத்தி மண் ஈரமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். துளிர் வந்ததைப் பார்த்தால் அதைச் சொல்லவும் செய்யுங்கள். நான் போன் செய்து சொன்னபோது, "நாங்களும் பார்த்தோங்கம்மா, மொட்டுகூட வந்திருக்குது" என்றார் அந்தப் பெண்.

படி 7: அப்படியும் நடக்கவில்லை என்றால்

எனக்கு இந்தப் படி தேவைப்படவில்லை. ஆனால் என் தங்கைக்குத் தேவைப்பட்டது. இரண்டு முறை பேசியும் எழுதியும் அவள் வீட்டு வாடகைதாரர் காம்பவுண்டைக் குப்பைமேடாகவே வைத்திருந்தார். அவள் செய்த வரிசை சரியானது.

முதலில் எழுத்தில் ஒரு நோட்டீஸ்: அக்ரிமென்டின் எந்தப் பிரிவு, எந்தத் தேதியில் என்ன நிலை, போட்டோ இணைப்பு, பதினைந்து நாள் அவகாசம், அதற்குள் செய்யவில்லை என்றால் ஆள் வைத்துச் செய்து செலவை அட்வான்ஸில் கழிப்பேன் என்ற அறிவிப்பு. தனக்கு உரிய பராமரிப்பு வேலையை வாடகைதாரர் செய்ய மறுத்தால் உரிமையாளர் அதைச் செய்துவிட்டு அட்வான்ஸில் பிடிக்கவும், குறைந்த தொகையை அவர் ஒரு மாதத்துக்குள் ஈடுகட்டவும் 2017 சட்டம் இடம் தருகிறது. அவகாசம் முடிந்ததும் ஆள் வைத்துச் சுத்தம் செய்து, கூலி ரசீதையும் முன்பின் போட்டோவையும் அனுப்பினாள். செலவானது மட்டும்தான் பிடித்தாள், அபராதம் என்று ஒரு ரூபாயும் சேர்க்கவில்லை. பட்டுப்போன செடிக்கு உங்கள் மனதில் இருக்கும் விலையைப் பிடிக்க முடியாது. நர்சரியில் புதிதாக வாங்க ஆகும் விலையைப் பேசலாம், அவ்வளவுதான்.

தகராறு முற்றினால் வாடகை அதிகாரியிடம் போகலாம். அதற்கு அக்ரிமென்ட் எழுத்தில் இருந்து tenancy.tn.gov.in தளத்தில் பதிவாகியிருப்பது பெரிய பலம். பதிவு செய்யாதவர்கள் அதை முதலில் செய்யுங்கள்.

செய்யவே கூடாதது ஒன்று உண்டு. "தோட்டத்துக்குத் தண்ணி விடாதவனுக்கு எதுக்குத் தண்ணி" என்று மோட்டார் இணைப்பைப் பிடுங்கிய ஒரு வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்துவது அதே சட்டத்தில் தெளிவாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. தப்பு அதுவரை வாடகைதாரர் பக்கம் இருந்தது. பிடுங்கிய நிமிஷத்திலிருந்து வீட்டுக்காரர் பக்கம் வந்துவிட்டது.

அடுத்த அக்ரிமென்டில் எழுத வேண்டியது

பதினோரு மாதம் முடிந்து புதுப்பித்தபோது பழைய ஒற்றை வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதினோம்:

"இணைப்பில் கண்ட செடிகள், மரங்களுக்கு பிப்ரவரி முதல் மே வரை வாரம் நான்கு நாட்களும், மற்ற மழையில்லாத மாதங்களில் வாரம் இரண்டு நாட்களும் வாடகைதாரர் தண்ணீர் விட வேண்டும். வாரம் ஒரு முறை காம்பவுண்டைப் பெருக்கி, தேங்கிய தண்ணீரை அகற்ற வேண்டும். மரம் ஏறுதல், கவாத்து, உரம், பூச்சி மருந்து, குழாய் இணைப்புகள், தோட்டக் கருவிகள் உரிமையாளர் பொறுப்பு. கோடை மாதங்களில் மோட்டார் செலவாக மாதம் ரூ. 100 வாடகையில் கழிக்கப்படும்."

இணைப்பாகச் செடிப் பட்டியலும் அன்றைய போட்டோக்களும் வைத்தோம். கையெழுத்துப் போடும்போது அந்தத் தம்பி, "நாங்க ஊருக்குப் போற நாளுக்கு என்ன பண்றதுங்கம்மா?" என்று கேட்டார். எனக்கு அது தோன்றவே இல்லை. ஐந்து நாளுக்கு மேல் வெளியூர் போனால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், பக்கத்து வீட்டு அக்காவை வைத்துத் தண்ணீர் விட உரிமையாளர் ஏற்பாடு செய்வார் என்று ஒரு வரியைப் பேனாவால் சேர்த்து, இருவரும் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டோம்.